மீன் தின்ன வாயும் அரை டம்ளர் பாலும்

எங்கள் மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டுத் தட்டு வார்டுக்குப் போன அரை மணி நேரத்தில் என் மேஜைப் போன் அடிக்கும். எடுக்கும்போதே கேள்வி என்னவென்று தெரியும். தட்டில் வைத்திருக்கிற பழத்தை எப்போது சாப்பிடுவது? சாப்பாட்டுக்கு முன்னாலா, இரண்டு மணி நேரம் கழித்தா? பின்னாலேயே சாப்பிட்டால் பழம் சோற்றுக்கு மேலே உட்கார்ந்து அழுகிப் போகுமாமே? அடையாறில் இந்த ஒரே மேஜையில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷமாக உணவு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோய் மாறியிருக்கிறது, நோயாளி மாறியிருக்கிறார், வாழைப்பழக் கேள்வி மட்டும் மாறவில்லை.

சலிக்காமல் சொல்வேன். சலிப்பு வந்தாலும் சொல்வேன், சம்பளம் அதற்குத்தான். இரைப்பைக்குள் மாடி வீடு கிடையாது அம்மா, கீழ் வீட்டில் சோறு மேல் வீட்டில் பழம் என்று குடியிருக்க. போனதெல்லாம் ஒன்றாகக் கலந்து, அமிலத்தில் ஊறி, கூழாகிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கும். அந்த அமிலத்தில் அழுக வைக்கிற கிருமி தலையெடுக்க முடியாது. பழத்தின் சர்க்கரை சிறுகுடலில் ரத்தத்தோடு சேரும். நார் மட்டும் பெருங்குடல் வரைக்கும் போகும், அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும், வாயு வந்தால் அங்கிருந்துதான் வரும். முன்னால் தின்றாலும் பின்னால் தின்றாலும் நார் போகிற இடம் அதுதான். சர்க்கரை நோய் இருந்தால் எவ்வளவு தின்கிறீர்கள் என்று பாருங்கள். மற்றவர்கள் கீரைச் சாதத்துக்குப் பின்னால் ஒரு கொய்யாத் துண்டு தின்றால் கீரையில் இருக்கிற இரும்புச் சத்து இன்னும் நன்றாகவே உடம்பில் சேரும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரி மேடம், இருந்தாலும் நாலு மணிக்கே சாப்பிட்டுக்கிறேன்" என்பார்கள். சாப்பிடட்டும். நாலு மணிக்குத் தின்றாலும் பழம் பழம்தானே.

இதில் பெரிய கூத்து என் தங்கை. மந்தைவெளியில் இருக்கிறாள். காலையில் நான் பல் துலக்குவதற்குள் அவளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்து நிற்கும். பழத்தை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டுமாம், யாரோ ஒருவர் கணீர்க் குரலில் பயமுறுத்துவார். படித்தவளுக்கே அனுப்புகிறாளே என்று கோபம் வரும். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் மீனும் பாலும் சேரக்கூடாது என்று அவள் ஏதாவது அனுப்பினால் மட்டும் நான் பதில் போட மாட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆயிரம் பேருக்கு மீனும் பாலும் பகையில்லை என்று சொன்ன நான், மீன் சாப்பிட்ட நாளில் தெரிந்து பாலைத் தொட்டதில்லை. பதினோரு வயதிலிருந்து இப்படி. நான் இந்தப் படிப்பைப் படிக்கப் போனதற்கே காரணம் ஓர் அரை டம்ளர் பால்.

அப்போது நாங்கள் பட்டினப்பாக்கத்துக்கும் சாந்தோமுக்கும் நடுவில், கடலோரக் குப்பத்தில் ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா கடலுக்குப் போவார். அம்மா கடலோரச் சாலையில் பலகை போட்டு மீன் விற்பாள். அம்மாவின் குரல் சாலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே மயிலாப்பூர் மாதாகோயில் தெருக்காரி ஒருத்தியை, தெற்கு மாட வீதிப் பக்கத்து ஆட்டோக்காரரை, போலீஸ்காரரை, எல்லோரையும் ஒரே நேரத்தில் கிண்டல் செய்வாள். விற்காத மீன் எங்கள் வீட்டுக் குழம்பு. கானாங்கெளுத்தி, காரப்பொடி, சில நாள் சங்கரா. அப்பா ஒவ்வொரு நாளும் மீன் குழம்புச் சோறு தின்றுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு கூரையில் தொங்கும் தாரிலிருந்து ஒரு பூவம்பழம் பிய்த்துத் தின்பார். பழம் தின்னாவிட்டால் சாப்பிட்ட கணக்கே இல்லை அவருக்கு. எண்பது வயதை நெருங்கிக் கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் வயிற்றில் எந்தப் பழமும் அழுகியதாகத் தகவல் இல்லை.

அம்மாவுக்குப் பழம் வேண்டாம், பால் டீ வேண்டும். மாலையில் பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, கெட்டியாக, இஞ்சி தட்டிப் போட்ட ஒரு டம்ளர் பால் டீ. அதைக் குடித்தால்தான் மறுபடியும் மனுஷியாவாள். அதற்காக பூத்திலிருந்து வாங்கிய பாலில் அரை டம்ளர் எடுத்து மூடி வைப்பது என் வேலை.

ஒருநாள் சாயங்காலம் தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஐந்து வயது. காரப்பொடி மீன் குழம்பில் கிடந்த பச்சை மிளகாயை மீன் என்று நினைத்துக் கடித்துவிட்டாள். வீடே இடிகிற மாதிரி கத்தினாள். தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. வெல்லம் கொடுத்தேன், துப்பினாள். கடைசியில் அம்மாவுக்கு வைத்திருந்த பாலை எடுத்து வாயில் வைத்தேன். இரண்டு மடக்கில் அழுகை நின்றுவிட்டது. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, பாலின் கொழுப்பும் புரதமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு எனக்கு அது ஏதோ நானே கண்டுபிடித்த வைத்தியம் மாதிரி இருந்தது. அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். "எம்மா பெரிய டாக்டரு, எனக்கு டீயில்லாம பண்ணிட்டா" என்று சிரித்துவிட்டு அம்மா பால் விடாத வரட்டீ போட்டுக் குடித்தாள். சிரித்தாள் என்பதை நான் மறந்தே போனேன். நாற்பது வருஷம் கழித்துத்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

ஐந்து மாதம் போயிருக்கும். தங்கையின் உதட்டோரத்தில் மிளகு அளவுக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. தேமல் என்று வேப்பிலை அரைத்துப் போட்டோம். மிளகு பட்டாணியாகி, பட்டாணி எட்டணாக் காசளவாகிவிட்டது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை, ஒரு களிம்பு டப்பா மட்டும் வந்தது. மறுநாள் குழாயடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நான் குடத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பெரியவ பண்ண வேலை. மீன் துன்ன வாய்க்குப் பாலு குட்த்துட்டா."

அவ்வளவுதான். தெருவுக்கு அது போதும். வெள்ளை வந்த இடமும் பால் பட்ட உதடாகவே இருந்ததா, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே வரவில்லை. அன்று முதல் மீன் ஆக்கிய நாளில் வீட்டில் யாருக்கும் பால் கிடையாது என்று அம்மா சட்டம் போட்டாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாத நாள் எது? வாரத்தில் ஒருநாள் பால் டீ, மற்ற ஆறு நாளும் அம்மாவுக்கு வரட்டீ. என்னால்தானே அம்மாவின் டீயும் போச்சு என்று அதற்கும் சேர்த்து அழுவேன்.

அதே அம்மா அந்த வருஷத்திலிருந்து மீன் சினையை எனக்கே வைத்தாள். மடவையின் சினை எங்கள் வீட்டில் தங்கம். அதுவரைக்கும் அது அப்பாவின் தட்டுக்குப் போகும். இப்போது அப்பாவைத் தாண்டி, அடம் பிடிக்கிற தங்கையைத் தாண்டி, முழுசாக என் தட்டில் விழும். பாவம் செய்த பிள்ளைமீது பரிதாபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தின்றேன். ருசியில் குறை சொல்ல முடியாது.

கல்லூரியில் மனையியல் எடுத்தேன். செரிமானம் பற்றிய வகுப்பு நடந்த அன்று மாலை, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு ஓடினேன். பலகைக்கு எதிரிலேயே குந்தி அம்மாவிடம் கொட்டினேன். பால் இரைப்பைக்குள் போனால் எப்படியும் திரியத்தான் செய்யும்மா, அமிலம் பட்டால் திரிவதுதான் அதன் செரிமானமே, மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மீனின் புரதமும் பாலின் புரதமும் சின்னச் சின்னத் துண்டாக உடைந்துதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும், அதற்குமேல் எது மீன் எது பால் என்று உடம்புக்குத் தெரியாது. கெட்டுப்போன கானாங்கெளுத்தி தின்றால் முகம் சிவந்து தடிக்கும், சிலருக்குப் பால் சேராமல் வயிறு ஊதும், சிலருக்கு மீன் ஒவ்வாமல் அரிக்கும், அதெல்லாம் வேறு. வெள்ளைத் திட்டுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. என்மேல் தப்பில்லை அம்மா.

அம்மா சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "படிச்சத உன்னாண்டயே வச்சிக்கோ. தெருவுல போய் சொல்லிக்கினு இருக்காத" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெற்ற பிள்ளை குற்றமில்லை என்று நிரூபித்தால் சந்தோஷப்படாத தாய் உண்டா? பத்து நாள் அவளோடு பேசவில்லை. பத்து நாளும் சினை மட்டும் தட்டில் விழுந்தது.

தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு வந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தங்கையின் உதட்டைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டாள். காபித் தட்டோடு நின்ற என்னைக் காட்டி, அம்மா அதே கதையைச் சொன்னாள். வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், "பாலுதானே, அப்ப பரவால்ல" என்று காபியை எடுத்துக்கொண்டாள். கல்யாணம் முடிவானது. உணவு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்திருந்தவள் நான், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கை தன் வீட்டில் அம்மாவையே மிஞ்சிவிட்டாள். மீன் வாசனை போகிற வரைக்கும் பால் குக்கர் அடுப்பேறாது, தயிர்கூட வெளியே வராது. ஒரே மகள். அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். மகளுக்கு இப்போது இருபத்து நாலு வயது, ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் ஆபீசில் வேலை. அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவதாகப் பேச்சு. இந்த மாசியில் அவள் வலது கை விரல் மூட்டுகளில் வெள்ளை வந்தது.

தங்கை போனில் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அக்கா, உன் வீட்டுக்கு வந்தப்ப அவளுக்கு மீனோட பால் ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நன்றாக யோசி என்றாள். யோசித்தேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு வந்தவள், வறுத்த வஞ்சிரம் தின்றுவிட்டு, கீழே பாண்டி பஜாரிலிருந்து வாங்கி வந்த ஐஸ்கிரீமையும் தின்றாள். நானும் கூட உட்கார்ந்து தின்றேன். ஐஸ்கிரீம் பாலில்தான் செய்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை! நாற்பது வருஷம் காத்த விரதம் இப்படியா முடிய வேண்டும்? சொன்னேன். "அப்பவும் நீதான், இப்பவும் நீதான்" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சொல் என்னை என்ன பாடுபடுத்தியது என்று எழுதத் தெரியவில்லை. எத்தனை புத்தகம் படித்திருந்தால் என்ன, இரண்டு நாள் நான் மறுபடியும் குழாயடியில் குடத்தோடு நிற்கிற பதினோரு வயசுப் பெண்தான். தப்பில்லை என்று மூளை சொல்கிறது, கை பழைய பாடப் புத்தகத்தை எடுத்து மறுபடியும் புரட்டுகிறது. கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை. அவளும் போய்விட்டால்?

தோல் மருத்துவரிடம் நானே தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், தங்கையும் முறைத்துக்கொண்டே வந்தாள். மருத்துவர் ஒரு விளக்கை அடித்துப் பார்த்தார். இது வெண்புள்ளி, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நிறம் தருகிற செல்களை அழிப்பதால் வருகிறது, தொற்றாது, சாப்பாட்டால் வருவதில்லை, சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். தங்கை தன் உதட்டைக் காட்டி, "எனக்கு இருக்கு டாக்டர். ஆனா அது பால் குடுத்ததால வந்தது" என்றாள். மருத்துவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அம்மாவிடம் போனோம். அம்மா இப்போது குப்பத்துக்குப் பக்கத்திலேயே ஹவுசிங் போர்டு வீட்டில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். எழுபத்து நாலு வயது. பலகை போடுவதில்லை, ஆனால் இன்னமும் மீன் அவளைத் தேடி வரும். அன்றைக்கு மடவைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தங்கை உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொன்னாள். வஞ்சிரம், ஐஸ்கிரீம், டாக்டர், வரப்போகிற சம்பந்தி.

அம்மா பேத்தியின் கையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டு மூட்டாகத் தடவினாள். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். பிறகு எங்கள் மூவருக்கும் நடுவில் நின்று, இடுப்பில் பாவாடை நாடாவை இரண்டு விரல்கடை கீழே இறக்கினாள். நாடா கட்டுகிற இடத்தைச் சுற்றி, பின்னால் முதுகுத்தண்டு வரைக்கும், வெள்ளை வெளேரென்று பட்டையாக இருந்தது. ஒரே அறையில் வாழ்ந்தவர்கள் நாங்கள், நான் அதைப் பார்த்ததே இல்லை. மார்பு வரை பாவாடை ஏற்றிக் கட்டித்தான் அம்மா எப்போதும் குளிப்பாள்.

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து கீது. உங்கப்பாவுக்குத் தெரியும், வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றாள். அவளே தொடர்ந்தாள். "ரத்தத்துல கீதுன்னு தெரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் எவன் கட்டிக்கினு போயிருப்பான்? பாலுன்னு சொன்னா அது பாலோட பூட்சு. இவ பெரியவ, தாங்குவா."

தாங்குவாளாம்! நான் தாங்கினேனா, நசுங்கினேனா என்று ஒருநாளாவது கேட்டாளா? வாய்விட்டே கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன். அம்மா நாடாவை இறுக்கிக் கட்டினாள், தங்கையிடம் திரும்பினாள். நிதானமாக வழி சொல்லிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்காரர்கள் வந்து கேட்டால் ஐஸ்கிரீம் என்று சொல்லிவிடு, பெரியம்மா தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடு, யாருக்கும் கஷ்டமில்லை.

தங்கை என்னைப் பார்த்தாள். மகளின் கல்யாணம் அந்தப் பார்வையில் இருந்தது. ஒரு வார்த்தை, பழகிய வார்த்தை, நான் தலையாட்டினால் போதும். ஆட்டியும் இருப்பேன். பழக்கம் அப்படி.

"வாணாம்மா" என்றாள் தங்கை. "அக்கா மேல போட்டது போதும். என் ரத்தம், என் பொண்ணு. நானே சொல்லிக்கிறேன்."

"அவங்க போயிட்டா?" என்றாள் அம்மா.

"போனா போவட்டும் ஆயா" என்றாள் மகள்.

பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி, சினையை முழுசாக எடுத்து, யோசிக்காமல் என் தட்டில் வைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாற்பது வருஷமாக அது எதற்காக வந்துகொண்டிருந்தது என்று. அதைப் பிட்டுப் பாதியைத் தங்கையின் தட்டில் வைத்தேன். அவள் வாயில் போட்டுக்கொண்டு, இவ்வளவு ருசியையா இத்தனை வருஷம் ஒருத்தியே தின்றாய் என்று கண்ணீரோடு திட்டினாள். சாப்பாடு முடிந்ததும் மகள் கூடையிலிருந்து ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்துப் போட்டாள். தங்கை ஒரு கணம் தயங்கி உரித்தாள்.

அம்மா டீ போடப் போனாள். வழக்கம்போல வெறும் தண்ணீர்தான் கொதித்தது. மீன் தின்ற நாள் அல்லவா. அப்போதுதான் அந்தப் பழைய சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. பாலால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், சொன்ன பொய்யைக் காப்பாற்ற, உயிராக இருந்த டீயை நாற்பது வருஷம் வாரத்துக்கு ஆறு நாள் விட்டிருக்கிறாள். கோபம் போய்விடவில்லை, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் எழுந்துபோய், வெள்ளிக்கிழமைக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த பால் பாக்கெட்டைக் கத்தரித்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கெட்டியாக நாலு டம்ளர் நானே போட்டேன். முதல் டம்ளரை அவளிடம் நீட்டினேன். அம்மா வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மீன் தின்ன வாயோடு அதைக் குடித்தாள்.